கைப்பிடியைச் சுற்றுவது யார்?

(காலை வழிபாட்டுக் கூட்டம், பத்து நிமிடம், ஆறு முதல் பன்னிரண்டு வகுப்பு வரை. மேசை மேல்: கையால் சுற்றும் ஜெனரேட்டர் திருகிய பலகை, மூன்று டார்ச் பல்புகள், பல்புக்கு ஒரு ஸ்விட்ச், கையில் பிடிக்கும் மைக். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்க வேண்டும். எல்லோரும் தரையில் உட்கார்ந்த பிறகு தொடங்கு.)

வணக்கம். பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

போன வாரம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். காற்றாலை, நீர்மின் நிலையம், சூரியத் தகடு என்று திரையில் படம் மேல் படம் ஓடியது. ஏதோ சாவி வாங்க வந்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கதவோரம் நின்று கடைசிக் கால் மணி நேரத்தைக் கேட்டிருக்கிறாள். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, "சார், எல்லாப் படத்துலயும் ஏதோ ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கே, அதை யார் சுத்துறாங்க?" என்று கேட்டாள்.

நான் ஒரு மணி நேரம் சொன்னதெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிட்டது. இன்றைக்கு அது ஒன்றுதான் பேச்சு.

இந்தப் பலகையைப் பாருங்கள். இது ஒரு கைப்பிடி. பக்கத்தில் பெரிய பல்சக்கரம், அதன் பல்லில் மாட்டிய சின்னப் பல்சக்கரம். பெரியது ஒரு சுற்று சுற்றினால் சின்னது பல சுற்று சுற்றும். அதன் முனையில் ஒரு மோட்டார் இருக்கிறது. பொம்மைக் காரில் இருக்குமே, அதே மோட்டார்தான். மின்சாரம் கொடுத்தால் அது சுற்றும். நாம் சுற்றிவிட்டால் அது மின்சாரம் கொடுக்கும். மூன்று கம்பிகள் மூன்று பல்புகளுக்குப் போகின்றன.

எட்டாம் வகுப்பிலிருந்து ஒருவர் வேண்டும்.

(கை தூக்கியவர்களில் ஒருவரை அழை. பெயரை மைக்கில் சொல்லச் சொல்.)

இங்கே வா, இப்படி நில். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராகச் சுற்று. வேகமாக வேண்டாம். எப்படி இருக்கிறது? லேசாக இருக்கிறதா? சரி, நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இரு.

இப்போது கண்ணை மூடிக்கொள். மற்றவர்கள் யாரும் சத்தம் போடக் கூடாது, கை தட்டவும் கூடாது. நான் ஸ்விட்சைப் போடுவேனா மாட்டேனா, எப்போது போடுவேன், எதுவும் சொல்ல மாட்டேன். உன் கையில் ஏதாவது மாறினால் மட்டும் "இப்போ" என்று சொல்.

(மைக்கைப் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடி. மனதுக்குள் பத்து எண்ணு. பிறகு மூன்று ஸ்விட்சையும் ஒன்றாகப் போடு. "இப்போ" வந்ததும் அணை. கொஞ்சம் விட்டு மறுபடி போடு. தவறவிட்டால் வேகத்தைக் கூட்டச் சொல்லி இன்னொரு முறை.)

கண்ணைத் திற. என்ன ஆனது, நீயே சொல்.

(பதிலை மைக்கில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லவை: "கனமாச்சு", "யாரோ பிடிச்ச மாதிரி இருந்துச்சு".)

கேட்டீர்களா? கண் மூடியிருந்தது. பல்பு எரிந்ததைப் பார்த்தது நீங்கள்தான். எரிகிறது என்று கண்டுபிடித்தது அந்தக் கை.

பின்வரிசைக்குப் பல்பு தெரிந்திருக்காது. ஆனால் காதில் விழுந்திருக்கும். முதலில் 'கிர்ர்' என்று மேலே போன சத்தம், ஸ்விட்ச் போட்டவுடன் தழைந்து இறங்கியது. சுற்றும் வேகம் குறைந்துவிட்டது, அதனால்தான். அந்தச் சத்தத்தை நினைவில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அதற்குத் திரும்ப வருவேன்.

ஏன் கனமாகிறது? மோட்டாருக்குள்ளே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. காந்தத்துக்குப் பக்கத்தில் கம்பிச் சுருள் நகர்ந்தால் சுருளில் மின்சாரம் உண்டாகும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர் அவர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தவர். மின்சாரம் ஓடத் தொடங்கியதும் அந்தச் சுருளே ஒரு காந்தமாகிவிடும், தன்னைச் சுற்றுகிற கையை எதிர்த்து இழுக்கும். ஸ்விட்ச் அணைந்திருந்தால் மின்சாரம் ஓடாது, எதிர்ப்பும் இல்லை, கைப்பிடி லேசாக இருக்கும். பல்பைப் போட்டால் எதிர்ப்பு வரும். அதை மீறி நீங்கள் தள்ளுகிற உழைப்புதான் அங்கே வெளிச்சமாகிறது. மின்சாரம் எங்கேயோ ஒரு தொட்டியில் நிறைந்திருந்து குழாய் வழியாக வருவதில்லை. யாரோ தள்ளினால்தான் வரும்.

நன்றி, நீ இன்னும் போக வேண்டாம், பக்கத்திலேயே நில்.

இந்த மூன்று பல்புக்கும் சேர்த்து சுமார் 2 வாட் ஆகிறது. அதற்கே கை இழுபட்டது. சைக்கிள் மிதித்தால் நன்றாகப் பழகிய ஆள் மணிக்கணக்கில் ஏறக்குறைய 100 வாட் தரலாம். மின்கட்டணத்தில் 'ஒரு யூனிட்' என்று எழுதியிருக்கிறதே, அது 1,000 வாட் ஒரு மணி நேரம். அப்படியானால் ஒரு யூனிட் என்றால் ஒருவர் பத்து மணி நேரம் விடாமல் மிதிப்பது. வெந்நீர் போடும் 2,000 வாட் ஹீட்டர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட் தின்றுவிடும். ஒரு குளியலுக்கு ஒருவரின் முழு நாள் மிதி! இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து ஹீட்டர் ஸ்விட்சைத் தொடும்போதெல்லாம் எனக்கு அந்தச் சைக்கிள்காரர் ஞாபகம் வருகிறார்.

நமக்காக அப்படி யாரும் மிதிப்பதில்லை. அப்படியானால் யார் சுற்றுகிறார்கள்?

அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். நீராவி பாய்ந்து டர்பைன் இறக்கைகளைத் தள்ளுகிறது. அங்கே கைப்பிடியைச் சுற்றுவது நீராவி. அணு மின் நிலையத்திலும் நீராவிதான், கொதிக்க வைக்கும் அடுப்பு மட்டும் வேறு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் புதைந்த செடிகொடிகள்தான் நிலக்கரி. எரித்துவிட்டால் நம் காலத்தில் திரும்ப உண்டாகாது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு புகைபோக்கி வழியாக வெளியே போகிறது. பூமி சூடாவதற்கு அந்த வாயு பெரிய காரணம். கைப்பிடியைச் சுற்ற வேறு ஆள் தேடுவது அதற்காகத்தான்.

தண்ணீர் சுற்றும். 1,000 லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் கால் யூனிட் கிடைக்கும். விழுந்த தண்ணீரை வெயில் ஆவியாக்கி மேலே கொண்டுபோய் மழையாகத் திருப்பித் தருகிறது. அந்தத் 'திருப்பித் தருகிறது' என்பதுதான் 'புதுப்பிக்கத்தக்க' என்ற நீளமான சொல்லுக்கு அர்த்தம்.

காற்று சுற்றும். இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் திறன் இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். வேகமாக வரும் காற்றுக்கு வலு அதிகம். அதோடு, அதே நேரத்தில் அதிகக் காற்று இறக்கையைக் கடந்து போகிறது. அதனால்தான் காற்றாலைகளை அவ்வளவு உயரமாகக் கட்டுகிறார்கள். தரையிலிருந்து மேலே போகப் போகக் காற்றின் வேகம் கூடும். 20 லட்சம் வாட் காற்றாலை ஒன்று நல்ல காற்றில் முழுத் திறனில் ஓடும்போது 20,000 சைக்கிள்காரர்களின் வேலையைச் செய்கிறது.

அப்புறம் சூரியத் தகடு. அந்த மாணவியின் கேள்விக்கு விலக்கு இது. இதில் எதுவும் சுற்றுவதில்லை. கைப்பிடியே கிடையாது. சிலிக்கான் துண்டின் மேல் வெளிச்சம் விழும்போது அதற்குள் இருக்கும் எலக்ட்ரான்களை அந்த வெளிச்சமே கிளப்பிவிடுகிறது. வெளிச்சத்திலிருந்து நேரடியாக மின்சாரம் வரும் என்பதை 1839-இல் முதலில் கவனித்தவர் எட்மண்ட் பெக்கரல். அப்போது அவருக்கு வயது 19. இங்கே உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன், அக்காக்களைவிட இரண்டு வயதுதான் கூட. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்த சிலிக்கான் தகடு தன் மேல் விழுந்த வெளிச்சத்தில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கடையில் வாங்கும் நல்ல தகடு 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட், அதாவது இரண்டு சைக்கிள்காரர்கள்.

இனி அந்தச் சத்தத்துக்கு வருவோம். மறுபடி சுற்று, மூன்று பல்பும் எரியட்டும்.

(மைக் பல்சக்கரத்தருகே. நன்றாக எரிந்ததும்.)

இப்போது கையை எடு.

(பல்பு அணையும். இரண்டு நொடி எதுவும் பேசாதே.)

அணைந்துவிட்டது. கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. கம்பிக்குள் மிச்சம் எதுவும் இருக்கவில்லை. காற்று நின்றாலும் மேகம் மறைத்தாலும் இதேதான். இதை மறைத்துப் பேசுவது எனக்குச் சரியென்று தோன்றவில்லை. புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இன்னும் கடுமையாக உழைக்க வேண்டிய இடம் இதுதான்.

பெரிய மின் நிலையங்களிலும் இப்போது கேட்ட சத்தம் இருக்கிறது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்குப் போட்டால், பல டன் எடையுள்ள ஜெனரேட்டர்களும் அந்தக் கணமே இழுபட்டு, மயிரிழை அளவு வேகம் குறையும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது அந்த வேகத்தைத்தான். குறைந்தால் நீராவியைக் கூட்டுவார்கள், அணைக் கதவை இன்னும் திறப்பார்கள். காற்றிடமும் வெயிலிடமும் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்க முடியாது. அதனால் நிறையக் கிடைக்கும் நேரத்தில் சேர்த்து வைக்க வேண்டும். பேட்டரி ஒரு வழி. இன்னொன்று, பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவிட்டு, இரவில் அதையே விழவைத்து டர்பைனைச் சுற்றுவது. பகல் வெயில் இரவில் தண்ணீராக வந்து கைப்பிடியைச் சுற்றுகிறது.

(உதவிய மாணவருக்குக் கைதட்டல். அனுப்பிவிடு.)

பத்து நிமிடம் முடிந்துவிட்டது. இந்தப் பலகை மதியம் ஆய்வக வாசலில் இருக்கும். முதலில் எந்தப் பல்பும் போடாமல் சுற்றுங்கள், அப்புறம் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்தப் பல்பில் கை அயர்கிறது, எத்தனை நொடி தாங்கினீர்கள் என்று அங்கே இருக்கும் நோட்டில் எழுதுங்கள். பல்சக்கரத்தில் விரல் வைக்க வேண்டாம், தலைமுடியைக் கட்டிக்கொண்டு வாருங்கள். ஆறாம் வகுப்பு முதலில் வரட்டும். கதவோரம் நின்று கேட்டவள் எங்கிருந்தாலும் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடு, நோட்டின் முதல் வரி உனக்கு.