மதிய சாப்பாடு பத்தி ஒரு சின்ன விஷயம்

அக்கா, ஒரு விஷயம் ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன், எல்லார் முன்னாடியும் சொல்ல மனசு வரல அதான் மெசேஜ் பண்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மதியம் நீங்க சீட்லயே டப்பாவ திறக்கும்போது அந்த வாசனை எனக்கு ஒத்துக்க மாட்டேங்குது. உங்க சமையல்ல ஒரு குறையும் இல்லக்கா, எனக்கு ஒத்தத் தலைவலி இருக்கு, வாசனை எதுவா இருந்தாலும் தூக்கலா இருந்தா உடனே கிளப்பி விட்டுடும், சென்ட் கூட அப்படித்தான். ஏசி ரூம்ல ஜன்னலும் திறக்க முடியாது, சாயங்காலம் வரைக்கும் அங்கயே நிக்குது, ஸ்கிரீனப் பாக்கவே முடியல. நாளையில இருந்து கேன்டீன்ல போய் சாப்பிடலாமா? நானும் கூட வரேன், ஜன்னல் ஓர டேபிள்னா எனக்கும் பிரச்சனை இல்ல. வேலை அதிகமாகி சீட்லயே சாப்பிட வேண்டி வந்தா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்த நேரம் நான் வேற சீட்டுக்கு போயிடறேன்.