மண் பதம்

பெங்களூரு பாட்டரி டவுன் குயவர்களைப் பற்றிய மாணவர் ஆவணப்படம். திருத்தி எழுதிய இரண்டாம் வரைவு.

படத்தொகுப்பாளருக்கும் ஒலிப்பதிவாளருக்கும்: முதல் வரைவில் அறிவிப்பாளரின் குரல் முன்னே சென்றது, குயவர்களின் பேச்சு அதற்குச் சான்றாக ஆங்காங்கே துண்டுகளாக வந்தது. இந்த வரைவில் அவர்கள் சொல்லும் வரிசையே படத்தின் வரிசை. அவர்கள் பேசி முடித்த பிறகும் பார்வையாளருக்கு ஏதேனும் விளங்காமல் இருந்தால் மட்டுமே அறிவிப்பு வரும். “அழிந்துவரும் கலை” என்ற தொடரை முழுவதுமாக நீக்கியிருக்கிறேன், ஏனெனில் நாம் பேட்டி கண்ட எவரும் தம் தொழிலை அப்படிச் சொல்லவில்லை.

காட்சி 1: வீட்டு முற்றம், காலை

படம்: ஈரக் களிமண்ணை மிதிக்கும் பாதங்கள். இசை வேண்டாம், மண்ணின் ஓசையும் தெருவின் ஆட்டோ சத்தமும் போதும்.

மூத்த குயவர்: “தம்பி, வர்றவங்க எல்லாரும் சக்கரத்தத்தான் படம் புடிக்கிறீங்க. மண்ணு பதம் வரலேன்னா எந்தக் கை வெச்சாலும் சட்டி நிக்காது. ஊற வெச்சு, கல்லு பொறுக்கி, மணல் கலந்து, காலால மிதிக்கணும். எங்க கல்லு இருக்கு, எங்க காத்து நிக்குதுன்னு காலுக்கே தெரிஞ்சுடும். காத்து உள்ள நின்னுட்டா சூளையில வெடிச்சுடும்.”

இந்தப் பேச்சு முடியும்வரை படம் பாதங்களை விட்டு நகரக் கூடாது. முதல் வரைவு சுழலும் சக்கரத்தில் தொடங்கியது. அவரே அதைக் குறையாகச் சொல்லியிருக்கும்போது, அவருடைய குரலின் மேல் அதே சக்கரத்தைக் காட்டுவது அவர் பேச்சைக் கேளாததற்குச் சமம்.

காட்சி 2: நிழலில் காயும் பானைகள்

அவருடைய மனைவி: “சக்கரத்துல இருந்து அறுத்து எடுக்குறப்ப இந்தப் பானைக்கு அடி கிடையாது. அரை ஈரத்துல, உள்ள கல்லப் புடிச்சுக்கிட்டு, வெளிய பலகையால தட்டித் தட்டித்தான் அடிய மூடணும். அது என் வேலை. பேட்டின்னு வர்றவங்க அவரைத்தான் உக்கார வெச்சுக் கேக்குறாங்க. நான் அப்போ டீ போட்டுக்கிட்டு இருப்பேன்.”

முதல் வரைவில் இந்தப் பெண்மணி பின்னணிக் காட்சியில் மட்டுமே தோன்றினார். பானைக்கு முழு வடிவம் தருபவர் அவரே என்பதால், இனி படத்தின் நடுப்பகுதி அவருடையது. பலகையின் தாளம் மாறும் ஓசையைக் குறைக்காமல் விடவும். சுவர் மெலிவதை அவர் அந்த ஓசையால்தான் அறிகிறார்.

காட்சி 3: விநாயகர் சிலைகள்

மனைவி (தொடர்ந்து): “சதுர்த்திக்கு முன்னாடிதான் எங்களுக்கு வேலை அதிகம். ஆனா அந்த மாசத்துலதான் பெங்களூருல மழை. அச்சுல எடுத்த பிள்ளையார் காயறதுக்குள்ள, பாரிஸ் பிளாஸ்டர் பொம்மை லாரியில வந்து இறங்கிடும். அதுக்கு வெயில் வேணாம்.”

அறிவிப்பு: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டு நெறிமுறைகள், பாரிஸ் பிளாஸ்டர் சிலைகளைத் தவிர்த்து களிமண் போன்ற மட்கும் இயற்கைப் பொருள்களால் செய்த சிலைகளையே பயன்படுத்தச் சொல்கின்றன.

அறிவிப்பு இந்த ஒரு வாக்கியத்தோடு நிற்க வேண்டும். இதற்கு முன்பிருந்த நீர்நிலைகள் பற்றிய பத்தி செய்தியாகச் சரியானதே. ஆனால் அது அவர் சொன்ன மழையையும் லாரியையும் பார்வையாளரின் நினைவிலிருந்து தள்ளிவிடுகிறது.

காட்சி 4: சூளை, ஞாயிற்றுக்கிழமை

மகன்: “நான் வாரம் பூரா ஆபீஸ் போறேன், ஞாயித்துக்கிழமை சூளை அடுக்க வருவேன். தொழில விட்டுட்டான்னு என்னைப் பத்திப் போடாதீங்க. காத்து சரியாப் போனா செவப்பா வரும், பொகை உள்ள அடைஞ்சா கறுப்பாகிடும். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்.”

மூத்த குயவர்: “தெரியும். ஆனா தீயை இன்னும் என்கிட்ட கேட்டுத்தான் போடுறான்.”

மகன்: “கேட்டாத்தான் உங்களுக்குத் திருப்தி.”

தலைமுறை இடைவெளியைப் பற்றிய விளக்கம் இங்கே இருந்தது. தந்தையும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் இந்த மூன்று வரிகளும் அதைவிடத் தெளிவாக இருப்பதால் நீக்கிவிட்டேன்.

முடிவு வாசகம்

“கதை சொல்பவர்கள்” என்ற தலைப்பில் குடும்பத்தினரின் பெயர்கள், அவர்கள் எழுதித் தந்த வடிவிலேயே, நம் பெயர்களுக்கு முன் வரும். கன்னடம் கலந்த அவர்களுடைய தமிழை வசன வரிகளில் திருத்த வேண்டாம். கல்லூரியில் சமர்ப்பிக்கும் முன் படத்தை அவர்கள் வீட்டில் திரையிடுவோம்; அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் பகுதியை விவாதமின்றி எடுத்துவிடுவோம்.