கார்த்திக் முன்ஜாமீன் மனு: இடைக்கால உத்தரவின் விவரம்

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

12.11.2025 புதன்கிழமை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் கார்த்திக்கின் மனு விசாரணைக்கு வந்ததும் இடைக்காலமாக முன்ஜாமீன் கிடைத்ததும் போனிலேயே சொல்லிவிட்டேன். இன்று உத்தரவு நகல் கைக்கு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருப்பதால், அதில் உள்ளதைத் தமிழில் எழுதி நகலோடு சேர்த்து அனுப்புகிறேன். கார்த்திக்கிடமும், ஜாமீன் கொடுக்க வருகிற இரண்டு பேரிடமும் படித்துக் காட்டுங்கள்.

மனு எண்: குற்றவியல் அசல் மனு (எம்.டி.) 19874/2025. வத்தலக்குண்டு காவல் நிலையக் குற்ற எண்: 412/2025. அடுத்த விசாரணை: 04.12.2025, வியாழக்கிழமை. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா போனில் "அப்ப கேஸ் முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டீர்கள். முடியவில்லை. முன்ஜாமீன் மனுவே இன்னும் முடியவில்லை. டிசம்பர் 4 வரைக்கும் ஒரு பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கார்த்திக் தப்பு செய்தானா இல்லையா என்பதைப் பற்றி நீதிபதி எதுவும் சொல்லவில்லை. அது நிலக்கோட்டை கோர்ட்டில் வழக்கு நடக்கும்போது பார்க்க வேண்டிய விஷயம்.

ஏன் இடைக்காலம் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதெல்லாம் புரியும். அரசுத் தரப்பு வழக்கறிஞர் மனுவை எதிர்த்தார். அடிபட்டவர் இன்னும் மதுரை பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார், காயச் சான்றிதழ் வரவில்லை என்றார். இப்போது எப்.ஐ.ஆரில் போட்டிருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 126(2), 296(பி), 118(1), 351(3) பிரிவுகள், கூடவே 3(5). இதில் 118(1)தான் ஜாமீனில் விட முடியாத பிரிவு. ஆயுதத்தால் காயப்படுத்தியது என்று அர்த்தம், மூன்று ஆண்டு வரை தண்டனை. எலும்பு முறிவு இருக்கிறது, அல்லது பதினைந்து நாள் கடும் வேதனையில் கிடந்தார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது கொடுங்காயம் ஆகிவிடும். அப்போது போலீஸ் 118(2)க்கு மாற்றுவார்கள். அதில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள் வரை போகும். ஆகவே அந்தச் சான்றிதழைப் பார்க்காமல் இறுதி உத்தரவு போட நீதிபதிக்கு விருப்பமில்லை. டிசம்பர் 4 அன்று அதைத் தாக்கல் செய்யச் சொல்லியிருக்கிறார்.

அதுவரை கைதாகாமல் இருக்க நாம் எடுத்துச் சொன்ன இரண்டு விஷயங்கள் உதவின. அரிவாளைத் திருப்பிப் பிடித்து அடித்ததாகப் புகாரில் சொல்லியிருப்பது முதல் எதிரியை. கார்த்திக் மூன்றாம் எதிரி, அவன் பிடித்துத் தள்ளினான் என்று மட்டும்தான் இருக்கிறது. அவன் பேரில் முன்வழக்கும் இல்லை. இரண்டையும் நீதிபதி உத்தரவில் குறித்திருக்கிறார். இந்தப் பாதுகாப்பு கார்த்திக் ஒருவனுக்குத்தான். ஜெயிலில் இருக்கிற உங்கள் தம்பி மகனுக்கும், வெளியூரில் இருக்கிற இரண்டாம் எதிரிக்கும் இது செல்லாது.

இனி நிபந்தனைகள்.

முதலாவது, 21.11.2025 வெள்ளிக்கிழமைக்குள் நிலக்கோட்டை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆஜராகி, பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரமும், அதே தொகைக்கு இரண்டு பேர் ஜாமீனும் கொடுக்க வேண்டும். இந்தப் பணத்தை இப்போது கட்ட வேண்டியதில்லை, எழுதிக் கொடுப்பதுதான். ஜாமீன்தாரர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவிலேயே இருக்கிறது. ஐயா வரலாம். இன்னொருவருக்கு அத்தை வீட்டு மாமாவைக் கேட்டு வையுங்கள். இருவரும் ஆதார் அசலும் நகலும், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இந்த வருஷ வீட்டு வரி ரசீது கொண்டு வர வேண்டும். பத்திரத்தில் போட்டோ ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைப்பார்கள். கோர்ட் வாசலில் "நான் ஜாமீன் போடுறேன், இவ்வளவு கொடு" என்று யாராவது வந்தால் பேச்சே கொடுக்க வேண்டாம். ஆள் போலி என்று தெரிந்தால் மாட்டுவது நாம்தான்.

இந்தத் தேதியைத் தவறவிட்டால் மனு தானாகவே தள்ளுபடி ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். இடையில் போலீஸ் பிடித்தாலும் இதே நிபந்தனைகளில் விட்டாக வேண்டும். ஆனால் அந்த அலைச்சல் எதற்கு? திங்கட்கிழமையே முடித்துவிடுவோம்.

இரண்டாவது, பாஸ்போர்ட். ஜாமீன் கொடுக்கும்போதே அதை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போகக் கூடாது. தோஹாவுக்கு விசா வந்து ஏஜென்டுக்குப் பணமும் கட்டிவிட்டதைச் சொன்னீர்கள், எனக்கும் வருத்தம்தான். ஆனால் இப்போது டிக்கெட் எடுக்கவே கூடாது. விமான நிலையம் வரை போனான் என்று தெரிந்தாலே ஓடப் பார்த்தான் என்பார்கள். ஏஜென்டிடம் தேதியைத் தள்ளிப் போட முடியுமா என்று கேளுங்கள், அவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். முன்ஜாமீன் உறுதியான பிறகு நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போடும்போது அந்தத் தாள் உதவும். பாஸ்போர்ட்டைக் கொடுத்ததற்குக் கோர்ட்டில் ஒப்புகை வாங்கிவிடுவேன்.

மூன்றாவது, கையெழுத்து. ஜாமீன் கொடுத்த மறுநாளிலிருந்து மதுரையில் தங்கி, தல்லாகுளம் காவல் நிலையத்தில் தினமும் காலை 10.30 மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு, பண்டிகை எதற்கும் விலக்கு இல்லை. பத்தேகாலுக்கே உத்தரவு நகலோடு போய் நிற்கட்டும். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தால் காத்திருந்து, பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லி, பதிவேட்டில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே திரும்ப வேண்டும். "நாளைக்கு ரெண்டு நாளுக்கும் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி சீட்டு வேண்டும், எனக்கு அன்றைக்கே தகவல் வேண்டும். அத்தை வீட்டு முகவரியைத்தான் கோர்ட்டில் கொடுக்கப் போகிறோம். வீடு மாறினால் முன்னதாகவே சொல்லுங்கள்.

நான்காவது, அடுத்த விசாரணை வரை வத்தலக்குண்டு காவல் நிலைய எல்லைக்குள் வரக் கூடாது. விசாரணைக்காகப் போலீஸ் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட்டால் மட்டும் வரலாம், வர வேண்டும். அப்படி நோட்டீஸ் வந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுப் போகட்டும். தீபத்துக்கு ஒரு ராத்திரி வந்துவிட்டு விடியுமுன் போய்விடலாம் என்ற யோசனை வீட்டில் ஓடும், எனக்குத் தெரியும். எதிர்த்தரப்பு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. வேண்டாம். நீங்கள் மதுரைக்குப் போய்ப் பாருங்கள்.

ஐந்தாவது, சாட்சிகளைக் கலைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. கார்த்திக் அப்படிச் செய்ய மாட்டான், சரி. எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். பழம், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசிவிட்டு வரட்டுமா என்று ஐயா கேட்டீர்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் நீங்கள் அந்த வார்டுக்குள் நுழைந்ததே "வாபஸ் வாங்கச் சொல்லி மிரட்டினார்கள்" என்று அடுத்த புகாராக வரலாம். ஊர்ப் பெரியவர்களை அனுப்புவதும் இப்போது வேண்டாம். சமாதானம் பேச வழி இருக்கிறது. காயச் சான்றிதழ் வரட்டும், வக்கீல்கள் மூலமாகப் பேசுவோம்.

அப்புறம் இன்னொன்று. புதன்கிழமை சாயங்காலமே உங்கள் வீட்டுப் பையன் ஒருவன் கார்த்திக் போட்டோவுக்குப் பின்னால் சிங்கம் கர்ஜிக்கிற மாதிரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். எனக்கே வந்து சேர்ந்துவிட்டது. உடனே எடுக்கச் சொல்லுங்கள். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சாட்சிகள் பயப்படுகிறார்கள் என்று டிசம்பர் 4 அன்று நீட்டினால் நான் என்ன பதில் சொல்வது?

நிபந்தனையை மீறினால் மாஜிஸ்திரேட்டே நடவடிக்கை எடுக்கலாம், தலைமறைவானால் 269ஆம் பிரிவில் புது வழக்கும் போடலாம் என்று உத்தரவின் கடைசியில் இருக்கிறது. பொதுவாக எல்லா ஜாமீன் உத்தரவிலும் வருகிற வரிகள்தான். அதற்காக வெறும் வரிகள் என்று நினைத்துவிட வேண்டாம்.

டிசம்பர் 4 அன்று கார்த்திக் உயர் நீதிமன்றத்துக்கு வர வேண்டியதில்லை, அன்றைக்கும் 10.30க்குத் தல்லாகுளத்தில் இருந்தால் போதும். காயம் சாதாரணம் என்று வந்தால் இந்த உத்தரவையே உறுதி செய்யக் கேட்பேன். கொடுங்காயம் என்று வந்தால் வாதம் கடினம். முதல் எதிரி செய்ததாகச் சொல்வதையும் இவன் செய்ததாகச் சொல்வதையும் பிரித்துக் காட்டித்தான் வாதாட வேண்டும். ரத்தாகாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அன்று வழக்கு எடுக்கப்படாமல் தள்ளிப்போனால், இடைக்கால உத்தரவை நீட்டிக்கச் சொல்லிக் கேட்பேன். நீட்டித்தார்களா என்று நான் போன் செய்து சொல்லும் வரை கார்த்திக் கையெழுத்தை நிறுத்தக் கூடாது, ஊருக்கும் கிளம்பக் கூடாது.

நிபந்தனை சம்பந்தமாக எங்கேயும் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. யாராவது கேட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

17.11.2025 திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நிலக்கோட்டை கோர்ட்டில் இருப்பேன். கார்த்திக் மதுரையிலிருந்து நேராக அங்கே வரட்டும், வத்தலக்குண்டு பக்கம் போய் வர வேண்டாம். நீங்களும் மாமாவும் மேலே சொன்ன தாள்களோடு வந்துவிடுங்கள். வீட்டு வரி இந்த வருஷத்துக்குக் கட்டியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பாக்கி இருந்தால் நாளைக்கே கட்டி ரசீது வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
சு. மீனாட்சி,
வழக்கறிஞர், மதுரை.
14.11.2025