கஞ்சிக்கோட்டில் வேலை இழந்த தம்பிக்கு

தம்பி, கம்பெனியை மூடியது உன் வேலையில் குறை கண்டு அல்ல. 11 வருஷம் வாளையாறு தாண்டி, பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தாய். அந்த உழைப்பு உன்னுடையது. அதை யாரும் அழிக்க முடியாது.

விடியற்காலை 5 மணிக்கு இன்னும் முழிப்பு வருகிறது என்றாய். வரட்டும். இத்தனை வருஷப் பழக்கம், உடம்புக்கும் விட்டுப் பிரிய நாளாகும்.

கோபம் வந்தால் கோபப்படு. என் முன்னால் தைரியமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ள வேண்டாம்.

"அடுத்து என்ன?" என்று நான் கேட்க மாட்டேன். கேட்கிறவர்களுக்கு நீ பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டிமடை வருகிறேன். கணவாய்க் காற்று வரும் உன் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம். பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி.