வெள்ளிக்கிழமை லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று

மூன்று வருடம் நான்கு மாதம், சந்தா பில்லிங் செய்யும் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பின் பேக்எண்ட் டீமில். ஆறு பேராக இருந்தோம், இப்போது பத்தொன்பது பேர். சண்டை ஏதுமில்லை, சுமுகமாகவே விடைபெற்றேன்.

யார் பெயரையும் டேக் செய்யவில்லை. ஒருவரை விட்டுவிட்டாலும் அப்புறம் கமெண்டில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வேலையைச் சொல்கிறேன், யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.

`SET lock_timeout = '2s';` என்ற வரி இல்லாத மைக்ரேஷனுக்கு அப்ரூவல் தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவருக்கு முதல் நன்றி. டேபிளில் புதிய `column` ஒன்றைச் சேர்க்கும் `ALTER TABLE` கண்ணிமைக்கும் நேரத்து வேலைதான். ஆனால் அதே டேபிளில் ஒரு நீளமான ரிப்போர்ட் க்வெரி ஓடிக்கொண்டிருந்தால், லாக் கிடைக்காமல் அது காத்து நிற்கும். அதற்குப் பிறகு வருகிற சாதாரண `SELECT` எல்லாம் அதன் பின்னால் வரிசை கட்டும். பார்ப்பவர்களுக்கு சைட்டே படுத்துவிட்டதாகத் தெரியும். இரண்டு நொடியில் விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி முயல்வது எவ்வளவோ மேல். இண்டெக்ஸுக்கு மட்டும் விதிவிலக்கு என்று சொன்னவரும் நீங்கள்தான்:

```sql
SET lock_timeout = 0;
CREATE INDEX CONCURRENTLY idx_inv_due ON invoices (due_date);
```

இது பழைய ட்ரான்ஸாக்‌ஷன்கள் முடியும்வரை காத்திருக்கும். நடுவில் அறுந்தால் `INVALID` இண்டெக்ஸ் மிஞ்சும், அதை `DROP` செய்த பிறகுதான் மறுபடி தொடங்க வேண்டும். ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் போட்டால் ஓடவே ஓடாது. மைக்ரேஷன் கருவிகள் பல, கேட்காமலே எல்லாவற்றையும் ட்ரான்ஸாக்‌ஷனில் சுற்றிவிடுகின்றன என்பதால் ரிவ்யூவில் இதைத்தான் முதலில் பார்ப்பீர்கள். தயவுசெய்து தொடருங்கள்.

டெஸ்டிங்கில் ஒரே பேமெண்ட் வெப்ஹூக்கை ஐந்து தடவை அனுப்பிப் பார்த்தவருக்கு. "நிஜத்தில் யார் அப்படி அனுப்புவார்கள்?" என்று எல்லோரும் கேட்டோம். பதில் வரத் தாமதமானால் கேட்வேயே மறுபடி அனுப்பும். ஈவெண்ட் ஐடியில் யுனிக் கன்ஸ்ட்ரெய்ண்ட், `ON CONFLICT DO NOTHING`, இந்த இரண்டும் உங்கள் பிடிவாதத்தால் வந்தவை. ரீஃபண்ட் செய்தி பேமெண்ட் செய்திக்கு முன்னால் வந்து சேரலாம் என்பதையும் நீங்கள் சொல்லித்தான் யோசித்தோம்.

இன்டர்னாக வந்து, இரண்டாவது வாரமே ஒயிட்போர்டில் `8 × 20 = 160` என்று எழுதிய தம்பிக்கு. எட்டு சர்வர், ஒவ்வொன்றிலும் இருபது கனெக்‌ஷன் பூல், டேட்டாபேஸின் `max_connections` அப்போதும் 100. சாதாரண நாளில் பூல் நிறையாததால் வெளியே தெரியவில்லை. டிப்ளாய் சமயத்தில் பழைய சர்வரும் புதியதும் சேர்ந்து ஓடும்போது கணக்கு இன்னும் மோசம். பெரியவர்கள் இத்தனை பேர் இருந்தும் பெருக்கிப் பார்த்தது நீ ஒருவன்தான்.

சப்போர்ட் டீமுக்கு ஒரு பெரிய கும்பிடு. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் ஒரு டிக்கெட்கூட அனுப்பியதில்லை. ரிக்வெஸ்ட் ஐடி, நேரம், அது எந்த டைம்ஸோன், மூன்றும் இருக்கும். லாக் தேடும் வேலையில் முக்கால்வாசியை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

நிறுவனர்களுக்கும் நன்றி. கையிருப்புப் பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்பதை மறைக்காமல் சொன்னீர்கள்.

குறையும் உண்டு. பேக்கப்பை வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து பார்ப்பதை ரொம்பத் தாமதமாகத்தான் வழக்கமாக்கினோம். அதில் என் பங்கும் இருக்கிறது. வேலை நெருக்கடி என்று சொல்லி அந்த வாரப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஹேண்ட்ஓவரில் எழுதியிருந்தாலும் இதை மறுபடி சொல்லிவிடுகிறேன், பில்லிங் எழுதும் மற்றவர்களுக்கும் உதவும். ஜனவரி 31இல் சந்தா தொடங்கியவருக்கு அடுத்த பில் பிப்ரவரி 28, அதற்கடுத்தது மார்ச் 31. போன பில் தேதியோடு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28 வரும், அதற்கப்புறம் எப்போதும் 28தான். தொடங்கிய தேதியைத் தனியாக வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே கூட்டுங்கள். அந்த ஃபங்ஷனைச் "சுத்தம்" செய்ய யாருக்காவது கை பரபரத்தால், முதலில் அதன் டெஸ்ட்டைப் படிக்கச் சொல்லுங்கள்.

என் பெயரில் இருந்த டோக்கன்கள் எல்லாம் சர்வீஸ் அக்கவுண்டுக்கு மாறிவிட்டன, பழையவற்றை ரத்து செய்தாயிற்று. ஆன்-கால் பட்டியலிலும் நான் இல்லை.

ஒரு மாதம் ஓய்வு, பிறகு வேறொரு டீமில் இதே மாதிரி வேலை. இங்கே ரெகமெண்டேஷன் வேண்டுமானால் தயங்காமல் மெசேஜ் அனுப்புங்கள். எந்த வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று மட்டும் ஒரு வரி போடுங்கள், பொத்தாம்பொதுவாக எழுத எனக்கு வராது.