கொடுமுடித் தீர்த்தம் கொண்டு வாரோம்

(பங்குனிச் சாட்டுக்கு, காவேரியில் குடம் மொண்டு கோயில் வரும் வரை. முன்வரியை ஒருவர் பாட, கோட்டுக்குப் பின் இருப்பதைக் கூட்டம் சொல்ல வேண்டும். தப்பட்டை நடையடியில்.)

கொடுமுடித் தீர்த்தம் — கொண்டு வாரோம்!
குங்குமக்காரிக்கு — கொண்டு வாரோம்!
மஞ்சள் குடத்துல — கொண்டு வாரோம்!
மாரியம்மனுக்கு — கொண்டு வாரோம்!

வன்னி மரத்தடி கும்பிட்டு வந்தோம் — கொண்டு வாரோம்!
மகுடேசுவரரக் கேட்டு வந்தோம் — கொண்டு வாரோம்!
முங்கி எழுந்த ஈரத் துணியில் — கொண்டு வாரோம்!
வேப்பங் கொத்து குடத்து வாயில செருகி — கொண்டு வாரோம்!

தாரு ரோடு காயுதுங்க — நடப்போமுங்க!
கால்ல கல்லு குத்துதுங்க — நடப்போமுங்க!
குடத்துத் தண்ணி தளும்புதுங்க — நடப்போமுங்க!
கழுத்து வழியா வழியுதுங்க — நடப்போமுங்க!
பின்னால மாமன் நொண்டுறாருங்க — நடப்போமுங்க!
மச்சான் தோள்ல சாயுறாருங்க — நடப்போமுங்க!
நீர்மோர்ப் பந்தல் தெரியுதுங்க — நிப்போமுங்க!

(இங்கே பாதிப்பேர் பழக்கத்தில் ‘நடப்போமுங்க’ என்றுதான் கத்துவார்கள். சிரிப்பு அடங்கட்டும். மோர் குடிக்கிறவர்களும் குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது. அப்புறம் உருமி மட்டும், மெதுவாக.)

ஆயிரம் அடிக்குப் போரு போட்டோம் — பாரம்மா தாயே!
புழுதி பறந்துச்சு, ஈரமில்ல — பாரம்மா தாயே!
லாரித் தண்ணிக்குக் கடன வாங்கித்
தென்னைக்கு ஊத்துனோம், குரும்ப உதிருது — பாரம்மா தாயே!
கட்டுத்தறியில எருமை நின்னு
காலித் தொட்டிய நக்குது, நக்குது — பாரம்மா தாயே!
வாய்க்கா வந்தா மஞ்ச வெளையும்,
வானம் பாத்த சோளக்காடு? — பாரம்மா தாயே!

(ஊர் எல்லை. தப்பட்டை மறுபடியும், வேகமாக. வாசலில் நிற்கிற பெண்களும் சேர்ந்துகொள்ளட்டும்.)

முக்கவட்டுக் கம்பம் நிக்குது — ஊத்துங்கம்மா!
பூச்சாட்டி நாளு பதினஞ்சாச்சு — ஊத்துங்கம்மா!
தெனமுங் குளிக்குது நம்ம கம்பம் — ஊத்துங்கம்மா!
ஆத்தா புருசன் இந்தக் கம்பந்தானே — ஊத்துங்கம்மா!
திருப்பூரு பனியன் கம்பெனிப் பொண்ணு
லீவு சொல்லாம ஓடி வந்துட்டா — ஊத்துங்கம்மா!
அவளுக்கும் ஒரு செம்பு கொடுங்க — ஊத்துங்கம்மா!
அப்பத்தாவுக்கு வழிய விடுங்க — ஊத்துங்கம்மா!

(கோயில் வாசல். ஒரே மூச்சில்.)

மாவிளக்கு எரியுது — மாரியம்மா!
பூவோடு கனலுது — மாரியம்மா!
குடம் எறங்குது — மாரியம்மா!
தல நனையுது — மாரியம்மா!
தாயி குளுருது — மாரியம்மா!
மாரியம்மா! — மாரியம்மா!
மாரியம்மா! — மாரியம்மா!

(தப்பட்டையைச் சட்டென்று நிறுத்தவும். முதல் குடத்துத் தண்ணீர் கல்லில் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் குலவை.)