டாக்டர் மேடத்துக்கு ஆண்டு விழா அழைப்பு

வணக்கம் டாக்டர் மேடம், நல்லா இருக்கீங்களா? நான் எட்டாம் வகுப்பு தமிழ் டீச்சர். செப்டம்பர் 28 ரேபிஸ் தினத்துக்கு நீங்க நம்ம ஸ்கூலுக்கு வந்தப்ப மைக் பிடிச்சிட்டு நின்னேனே, அதே ஆள்தான். ஹெச்.எம். சார் சொல்லித்தான் இதை அனுப்புறேன், அவர் கையெழுத்து போட்ட முறையான லெட்டர் தனியா வரும், ஆனா அதுல விவரமெல்லாம் இருக்காது, ரெண்டே பாராதான்.

விஷயம் என்னன்னா, பிப்ரவரி 7 சனிக்கிழமை சாயங்காலம் ஆண்டு விழா. நீங்கதான் சிறப்பு விருந்தினரா வரணும்னு கேக்குறோம். கமிட்டியில வழக்கம்போல பெரிய பதவியில இருக்குறவங்க பேரெல்லாம் வந்துச்சு, கடைசியில பசங்ககிட்டயே கேட்டுடலாம்னு ஆச்சு, ஆறுல இருந்து எட்டு வரைக்கும் பாதிக்கு மேல "நாய் டாக்டர் மேடம்"னு எழுதிக் குடுத்துட்டாங்க. (அப்படியே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.) நாய் கடிச்சா ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், சின்னக் கீறல்தானேன்னு விடாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு நீங்க சொன்னது அவங்களுக்கு அப்படியே பதிஞ்சு போச்சு. அதை வச்சே ஏழாம் வகுப்பு ஒரு நாடகம் போடுறாங்க, எழுதினதும் அவங்களே, நான் எழுத்துப்பிழை மட்டும்தான் திருத்தினேன்.

விழா சரியா 5 மணிக்கு ஆரம்பம். நீங்க 4.45க்கு வந்துட்டா ஹெச்.எம். ரூம்ல ஒரு டீ குடிச்சிட்டு நேரா மேடைக்குப் போயிடலாம். மெயின் கேட் பக்கம் பேரன்ட்ஸ் வண்டியா நிக்கும், அதனால பின்பக்க கேட்டுக்கு வந்துடுங்க, எங்க பி.டி. மாஸ்டர் அங்கயே நிப்பார். உங்க வண்டியில வர்றது சிரமம்னா சொல்லுங்க, கார் அனுப்புறோம்.

முதல்ல பிரேயர், வரவேற்புரை, அப்புறம் ஹெச்.எம். சார் ஆண்டறிக்கை வாசிப்பார். பத்து நிமிஷம்னு சொல்லியிருக்கார், நாங்க பதினஞ்சுன்னு வச்சிருக்கோம். 5.30 வாக்குல உங்க பேச்சு. பத்துப் பன்னெண்டு நிமிஷம் போதும் மேடம், அதுக்கு மேல போனா முன்வரிசையில தரையில உக்காந்திருக்குற ஒண்ணாங்கிளாஸ் குட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு தூங்கிடும். நல்லாப் படிங்க, மார்க் எடுங்கன்னு நாங்க தினமும் சொல்றோம், நீங்க அது சொல்ல வேணாம். உங்க வேலையில நடந்தது ரெண்டு மூணு சொல்லுங்க, மாட்டுக்குப் பிரசவம் பாத்தது, பயந்த நாயைப் பிடிக்கிறது எப்படின்னு, அந்த மாதிரி. பேசி முடிச்சதும் பசங்க நாலு பேர் ஆளுக்கு ஒரு கேள்வி கேப்பாங்க, என்ன கேள்வின்னு எங்களுக்கே காட்ட மாட்டேங்குறாங்க.

அடுத்து பரிசளிப்பு. மொத்தம் 86 பரிசு, எல்லாத்தையும் உங்க கையாலயே குடுக்க வச்சா தோள்பட்டை போயிடும், அதனால விளையாட்டுப் பரிசெல்லாம் அன்னிக்குக் காலையிலயே குடுத்து முடிச்சிடுறோம், படிப்பு, பேச்சு, ஓவியம், முழு வருகைன்னு 40 மட்டும் உங்களுக்கு. பேர் வாசிக்க ஒருத்தர், பரிசை எடுத்துக் கையில தர ஒருத்தர் பக்கத்துலயே இருப்பாங்க, நீங்க குடுத்துட்டு போட்டோவுக்கு ஒரு செகண்ட் நின்னா போதும். முழு வருகைப் பரிசு வாங்குற பசங்ககிட்ட மட்டும் ரெண்டு வார்த்தை பேசினா ரொம்ப சந்தோஷப்படுவாங்க, அவங்கள்ல பாதிப் பேருக்கு மேடை ஏற வேற வாய்ப்பே கிடைக்கிறதில்ல.

6.30ல இருந்து கலை நிகழ்ச்சி, நாடகம்தான் முதல்ல. நீங்க சீக்கிரம் கிளம்பணும்னாலும் பாத்துட்டே போகட்டும்னுதான் அதை முன்னாடி மாத்தினோம். 8 மணிக்கு நன்றியுரை. அதுவரைக்கும் இருந்தா நல்லது, எமர்ஜென்சி கேஸ் வந்தா நீங்க போய்த்தான் ஆகணும்னு தெரியும், எங்ககிட்ட ஒரு சைகை காட்டுங்க, அறிவிப்பு எதுவும் இல்லாம அனுப்பி வச்சிடுறோம்.

இன்னொண்ணு, நேராவே சொல்லிடுறேன், பேச வர்றதுக்குப் பணமா குடுக்க ஸ்கூல்ல வசதி இல்ல, பசங்க செஞ்ச ஒரு மொமெண்டோ மட்டும்தான். நன்கொடை எதுவும் உங்ககிட்ட எதிர்பார்க்கல, மேடையில யாரும் அந்தப் பேச்சு எடுக்க மாட்டாங்க, அதுக்கு நான் கேரண்டி. வீட்டுலயும் எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, முன்னாடி சீட் போட்டு வைக்கிறோம்.

வர முடியுமான்னு ஜனவரி 20க்குள்ள சொல்லிட்டீங்கன்னா அழைப்பிதழ் பிரிண்டுக்குக் குடுத்துடுவோம். கூடவே உங்க பேர், படிப்பு எப்படிப் போடணும்னு டைப் பண்ணி, ஒரு போட்டோவும் இதே நம்பருக்கு அனுப்பிடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் கிளினிக் இருக்கும்னா இப்பவே சொல்லிடுங்க மேடம், அடுத்த சனிக்கிழமை 14ஆம் தேதிக்கும் கிரவுண்டும் பந்தலும் கிடைக்கும்னு கேட்டு வச்சிருக்கேன்.